ஐந்து இருக்கைக்கு ஏழரை வெள்ளி

ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் காட்சிக்கு வீட்டில் ஐந்து பேருக்கும் டிக்கெட் எடுக்கக் கைத்தொலைபேசியோடு உட்கார்ந்தேன். அப்பா, அம்மா, நான், பிள்ளைகள் இருவர். வார நாள் பகல் என்பதால் மூத்தோருக்கு 6 வெள்ளி, மற்றவர்களுக்கு 11 வெள்ளி. பக்கத்தில் இருந்த அப்பா மனக்கணக்காகவே போட்டுவிட்டார். முப்பது வருடம் கப்பல் பட்டறையில் ஸ்டோர் கணக்கு பார்த்தவர்.

"ரெண்டாறு பன்னெண்டு, மூணு பதினொண்ணு முப்பத்து மூணு. நாப்பத்தஞ்சு வெள்ளி. சரியாம்மா?"

"சரிப்பா" என்றேன். இருக்கைகளைத் தேர்ந்தெடுத்து, மின்னஞ்சல் முகவரி கொடுத்து, அட்டை எண்ணைப் போடும் பக்கத்துக்கு வந்தபோது கீழே 52.50 என்று இருந்தது. மேலே ஏழு நிமிடத்திலிருந்து நேரம் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பணம் கட்டாவிட்டால் இருக்கைகள் கைவிட்டுப் போகும்.

"இதென்னம்மா, ஏழரை வெள்ளி கூட இருக்கு?"

நான் வழக்கமாக இதைப் பார்க்காமல் பொத்தானை அழுத்திவிடுகிறவள். அன்றைக்கு அப்பா கேட்டதால் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். டிக்கெட் ஐந்து, 45.00. அதற்குக் கீழே, சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில், Booking Fee 7.50. டிக்கெட் ஒன்றுக்கு ஒன்றரை வெள்ளி, பெருக்கல் ஐந்து.

முதலில் கவனிக்க வேண்டியது இந்தப் பெருக்கலைத்தான். நான் செய்த முன்பதிவு ஒன்று, அட்டையில் போன பணம் ஒருமுறை, மின்னஞ்சலில் வந்த ரசீது ஒன்று. கட்டணம் மட்டும் ஐந்து தடவை. திரையரங்குகளில் பெரும்பாலும் இது தலைக்கு இவ்வளவு என்று நிலையாக வைக்கப்பட்ட தொகை. டிக்கெட் விலை என்னவானாலும் அது மாறாது. அதனால் விலை குறைந்த டிக்கெட்தான் அதிகச் சுமையைத் தாங்குகிறது. என் 11 வெள்ளி டிக்கெட்டில் ஒன்றரை வெள்ளி என்பது ஏறத்தாழ 14 விழுக்காடு. அப்பாவின் 6 வெள்ளி டிக்கெட்டில் அதே ஒன்றரை வெள்ளி 25 விழுக்காடு. மூத்தோருக்கு ஐந்து வெள்ளி சலுகை கொடுத்துவிட்டு, அதில் ஒன்றரையை இன்னொரு வரியில் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிறது.

இது அட்டைக்குப் போகும் செலவு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அட்டைக் கட்டணம் எவ்வளவு என்பது கடைக்குக் கடை மாறும். கணக்குக்காக 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 52.50க்கு அது ஒரு வெள்ளி ஐம்பத்தெட்டுக் காசு. மீதி கிட்டத்தட்ட ஆறு வெள்ளி வேறெங்கோ போகிறது. முன்பதிவு மென்பொருள், செயலி, அதைப் பராமரிக்கும் ஆட்கள் எல்லாம் செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவுகள் இருக்கைக்கு இருக்கை கூடுவதில்லை. ஐந்து பேருக்கு ஒரே தடவை எடுத்தாலும் இருவருக்கு எடுத்தாலும் அந்தக் கணினிக்கு வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

பிறகு ஏன் தலைக்கு இவ்வளவு? திரையரங்குத் தொழிலில் இருந்த ஒரு நண்பர் சொன்ன விளக்கம் எனக்குத் தெளிவாக இருந்தது. டிக்கெட் விலை முழுவதும் திரையரங்குக்குச் சொந்தமல்ல. வரி போக மீதியைப் படத்தை வெளியிடும் விநியோகஸ்தரோடு விழுக்காட்டுக் கணக்கில் பிரிக்க வேண்டும். பாதியோ, பெரிய படத்தின் முதல் வாரத்தில் அதற்கு மேலோ போய்விடும். முன்பதிவுக் கட்டணம் பொதுவாக அந்தப் பங்கீட்டுக்குள் வருவதில்லை. டிக்கெட்டை 11 வெள்ளியிலிருந்து 12.50 ஆக்கினால் கூடிய ஒன்றரையில் பாதிதான் திரையரங்குக்கு மிஞ்சும். விலையை 11லேயே விட்டுவிட்டு ஒன்றரையைத் தனி வரியில் வைத்தால் வரி போக மற்றதெல்லாம் அதற்கே. சுவரொட்டியிலும் 11 என்றே இருக்கும். இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை, வியாபார ஏற்பாடுதான். ஆனால் இதைத் தெரிந்துகொண்டால், அந்த வரி ஏன் டிக்கெட் விலைக்குள் போய்ச் சேரவே மாட்டேன் என்கிறது என்பது புரிந்துவிடுகிறது.

படத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். அடுத்த மாதம் அப்பா தனியாகப் போய் முகப்பில் வாங்கினார், ஒன்றரை வெள்ளி இல்லை. நேரில் வாங்கினால் கட்டணம் கிடையாது என்ற வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இது விலையைக் காட்டும் விதத்தையும் தொடுகிறது.

சிங்கப்பூரில் இதற்கு வழிகாட்டி உண்டு. சிங்கப்பூர் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் வெளியிட்ட விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டி 2020 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. முதலில் ஒரு விலையைக் காட்டி ஆளை உள்ளே இழுத்து, பக்கம் பக்கமாகக் கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதை அது தனியாகவே எடுத்துப் பேசுகிறது. அதன் அடிப்படை சுலபமானது. தவிர்க்க முடியாத கட்டணம் என்றால் முதலில் காட்டும் விலையிலேயே அது இருக்க வேண்டும். முன்கூட்டிக் கணக்கிட முடியாத தொகை என்றால், அப்படி ஒன்று உண்டு என்பதையும் அது எப்படிக் கணக்கிடப்படும் என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். காப்புறுதி போன்ற விருப்பச் சேவைகளின் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்து, ஆள் கவனிக்காமல் பணம் வாங்குவதையும் அது சுட்டுகிறது. வழிகாட்டி தனிச் சட்டம் அல்ல. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தின்படி எதை நியாயமற்ற வழக்கமாக ஆணையம் பார்க்கும் என்பதை விளக்குகிறது.

திரையரங்குக் கட்டணம் தவிர்க்க முடியாததா? முகப்பில் போய் வாங்கலாமே என்பார்கள். ஆனால் இணையப் பக்கத்தில் நின்று வாங்குகிறவருக்கு அது தவிர்க்க முடியாததுதான். அந்தப் பக்கத்தில் 11 என்ற விலைக்கு யாராலும் டிக்கெட் வாங்க முடியாது. ஆகவே அந்தப் பக்கத்தில் காட்ட வேண்டியது 12.50 என்பதே என் கருத்து. இருக்கை வரைபடத்தில் விரல் வைக்கும்போதே 12.50 என்று தெரிந்தால், வேலை முடிந்து போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிக்க நேரம் இருக்கும். கடைசிப் பக்கத்தில், நிமிடங்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது தெரிந்தால் யோசிக்க ஏது நேரம்?

மேடை நிகழ்ச்சிகளில் கதை வேறு. அங்கே கட்டணம் பெரும்பாலும் படிக்கட்டு மாதிரி அமைந்திருக்கும். உதாரணத்துக்கு இப்படி ஓர் அட்டவணை என்று வைத்துக்கொள்வோம்: 20 வெள்ளி வரை 1 வெள்ளி, அதற்கு மேல் 40 வரை 3 வெள்ளி, 40க்கு மேல் 4 வெள்ளி. 20 வெள்ளி டிக்கெட்டுக்கு மொத்தம் 21. ஒரே ஒரு வெள்ளி கூடி 21 வெள்ளி டிக்கெட் ஆனால் மொத்தம் 24. டிக்கெட் ஒரு வெள்ளி ஏறினால் கையை விட்டுப் போவது மூன்று வெள்ளி. 100 வெள்ளி டிக்கெட்டுக்கோ கட்டணம் 4 விழுக்காடுதான். இங்கே நடுவில் இருப்பவர்தான் கூடுதலாகத் தாங்குகிறார். இப்படிப்பட்ட அட்டவணையைப் பார்த்தால், நீங்கள் எடுக்கும் டிக்கெட் ஒரு படியின் விளிம்பில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்கூட்டி வாங்குவோருக்கான தள்ளுபடியில் 42 வெள்ளி 37.80 ஆகிறது என்றால், தள்ளுபடி விலைக்கு உரிய படியைத்தான் போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

நிகழ்ச்சி டிக்கெட்டில் இன்னொரு வேறுபாடு, விற்பவர் இரண்டு பக்கமும் வாங்குகிறார். வாங்குபவர் தருவது முன்பதிவுக் கட்டணம். ஏற்பாட்டாளர் தருவது விற்பனைச் சேவைக் கட்டணம். ஏற்பாட்டாளருக்குப் போட்டியாளரிடம் போக வழி இல்லை என்றால் வாங்குபவருக்கும் வழி இல்லை. இது வெறும் ஊகம் அல்ல, இங்கேயே தீர்ப்பான விஷயம். அன்றைக்குப் போட்டித்தன்மை ஆணையம் என்ற பெயரில் இருந்த அதே அமைப்பு 2010 ஜூனில் டிக்கெட் விற்கும் சிஸ்டிக் நிறுவனத்துக்கு 989,000 வெள்ளி அபராதம் விதித்தது. அரங்குகளோடும் ஏற்பாட்டாளர்களோடும் தனியுரிமை ஒப்பந்தங்கள் போட்டுச் சந்தையில் தனக்கு இருந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்பது காரணம். வாங்குவோரிடம் வாங்கும் கட்டணத்தை 2008இல் அது 2 வெள்ளியிலிருந்து 3 வெள்ளியாக, அதாவது 50 விழுக்காடு, உயர்த்தியதும் அந்த முடிவில் பேசப்பட்டது. மேல்முறையீட்டில் 2012இல் தீர்ப்பு நிலைத்தது, அபராதம் மட்டும் 769,000 வெள்ளியாகக் குறைந்தது. ஒரு வெள்ளி ஏற்றத்தைப் பற்றி நாம் புலம்பிவிட்டு விட்டுவிடுகிறோம். அந்த ஒரு வெள்ளியை யாரோ உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அடுத்துச் சொல்லப்போவது நானே விற்கும் பக்கத்தில் நின்று பார்த்தது.

எங்கள் நாடகக் குழு சிறியது. சமூக மன்ற அரங்கில் வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவோம். டிக்கெட் 25 வெள்ளி. போன வருடம் முதல்முறையாக ஓர் இணையத் தளத்தில் விற்றோம். டிக்கெட் விலையில் 5 விழுக்காடும் அதோடு 1 வெள்ளியும் தளத்துக்கு. ஜிஎஸ்டி அதற்குள் அடக்கம். பதிவு செய்யும்போது தளம் ஒரு கேள்வி கேட்டது: கட்டணத்தை வாங்குபவர் தருவாரா, நீங்களே ஏற்றுக்கொள்கிறீர்களா? முதல் தேர்வில்தான் புள்ளி ஏற்கெனவே இருந்தது. நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

25இல் 5 விழுக்காடு 1.25. அதோடு 1 வெள்ளி சேர்ந்து 2.25. வாங்குபவர் தருவது 27.25. சுவரொட்டியில் 25 என்று அச்சடித்துவிட்டோம்.

இரண்டாம் நாளே குழுவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி. எங்கள் நாடகங்களுக்குத் தவறாமல் வரும் ஓர் ஆன்ட்டி கேட்டிருந்தார்: "நீங்க ஜிஎஸ்டி பதிவு செஞ்ச குழுவா? எங்கிட்ட ஒம்போது விழுக்காடு வரி எடுத்திருக்கீங்களே." எனக்குத் திகைப்பாக இருந்தது. எங்கள் வரவு ஜிஎஸ்டி பதிவுக்கான பத்து லட்சம் வெள்ளி வரம்பின் பக்கத்தில்கூட வராது. நாங்கள் வரி எடுக்கவே முடியாது. அப்புறம் கால்குலேட்டரை எடுத்துப் பார்த்தேன். 25க்கு 9 விழுக்காடு சரியாக 2.25. தளத்தின் கட்டணம் தற்செயலாக ஜிஎஸ்டி தொகையோடு காசு பிசகாமல் பொருந்தியிருந்தது. ஆன்ட்டி கணக்குத் தெரியாமல் கேட்கவில்லை, சரியாகக் கணக்குப் போட்டுத்தான் கேட்டிருக்கிறார். திரையில் 25.00, கீழே Fees 2.25, மொத்தம் 27.25 என்று மட்டும் இருந்தால் வேறு என்ன நினைக்க முடியும்?

ரசீதை விரித்துப் பார்த்தால் அடியில் ஜிஎஸ்டி 0.19 என்று இருந்தது. அதைப் பார்த்து அவருக்குக் குழப்பம் இன்னும் கூடியிருந்தது. அந்தப் பத்தொன்பது காசு எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து பிரித்தேன். இங்கே பொதுமக்களுக்குக் காட்டும் விலை ஜிஎஸ்டி சேர்ந்த விலையாக இருக்க வேண்டும். மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. உணவகங்களில் நாம் பார்க்கிற 'பிளஸ் பிளஸ்', சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டுமான விலக்கு. டிக்கெட் விற்பவருக்கு அது கிடையாது. ஆகவே வரி எவ்வளவு என்று பார்க்க மேலே கூட்டக்கூடாது, உள்ளேயிருந்து பிரிக்க வேண்டும்:

```
ஜிஎஸ்டி = தொகை × 9 ÷ 109
2.25 × 9 ÷ 109 = 0.19
```

டிக்கெட் எங்கள் பெயரில் விற்கப்படுகிறது, நாங்கள் பதிவு செய்யாதவர்கள், ஆகவே 25 வெள்ளியில் வரி இல்லை. தளம் பதிவு செய்த நிறுவனம், அதன் சேவைக் கட்டணத்தில் மட்டும் வரி இருக்கிறது. பெரிய ஏற்பாட்டாளர் நடத்தும் நிகழ்ச்சியாக இருந்தால் இரண்டிலும் வரி இருக்கும், மொத்தத்தையே 9 ÷ 109ஆல் பெருக்கலாம். எங்கள் வீட்டு 52.50இல் அது 4.33 வெள்ளி. உங்கள் ரசீதில் வரி அளவுக்கு மீறிக் குறைவாகத் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம், யாரும் ஏய்க்கவில்லை. மாறாக, கடைசிப் பக்கத்தில் மொத்தத்துக்கு மேல் 9 விழுக்காடு புதிதாக ஏறினால் அது தவறு, படம் பிடித்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஆன்ட்டிக்கு இதையெல்லாம் பொறுமையாக எழுதி அனுப்பினேன். "அப்ப அந்த ரெண்டே கால் வெள்ளிய முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்று பதில் வந்தது. உண்மைதான். அது என் தவறு. அந்தப் புள்ளியை மாற்றாமல் விட்டவள் நான்.

இந்த வருடம் குழுக் கூட்டத்தில் இதற்கென்றே அரை மணி நேரம் ஒதுக்கினோம். எங்கள் கைக்கு 25 வெள்ளி வர வேண்டும் என்றால் எல்லாம் சேர்த்து எவ்வளவு விலை வைப்பது? 27.25 என்று நான் சட்டென்று சொன்னேன். அது தப்பு. கட்டணத்தை நாமே ஏற்றுக்கொண்டு விலையை உயர்த்தினால், 5 விழுக்காடு 25இன் மேல் அல்ல, உயர்த்திய முழு விலையின் மேல் விழும்.

```
(25 + 1) ÷ (1 − 0.05) = 27.37
```

பன்னிரண்டு காசு வித்தியாசம், கட்டணத்தின் மேல் விழும் கட்டணம். வாங்குபவராக இருந்தாலும் இது தெரிந்திருப்பது நல்லது. 5 விழுக்காடு என்று போட்டிருந்தால், எதன் மேல் 5 விழுக்காடு என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

27.37 என்று சுவரொட்டியில் யாரும் அச்சடிக்க மாட்டார்கள். 28 வைக்கலாம் என்றார் பொருளாளர். 28இல் தளத்துக்கு 2.40 போய் 25.60 வரும், நமக்கு அறுபது காசு லாபம். 27 என்றால் 2.35 போய் 24.65, முப்பத்தைந்து காசு நட்டம். 180 இருக்கைக்கு 63 வெள்ளி. ஒரு நாள் ஒத்திகைக்குச் சாப்பாடு வாங்கும் பணம் அது. கொஞ்ச நேரம் பேசிவிட்டு 27 என்று முடிவு செய்தோம். நட்டத்தை நிகழ்ச்சி மலரில் கூடுதலாக ஒரு கால் பக்க விளம்பரம் பிடித்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று பொருளாளரே சொன்னார்.

இன்னொன்றும் அந்தக் கூட்டத்தில் எழுந்தது. நாடகம் ரத்தானால் என்ன திருப்பிக் கொடுப்பது? தளத்தின் விதிப்படி டிக்கெட் பணம் திரும்பும், அவர்கள் கட்டணம் திரும்பாது. முன்பதிவுக் கட்டணத்தில் இது வழக்கமான விதி, பலருக்கும் ரத்தாகும் அன்றுதான் தெரிய வரும். தனி வரியில் கட்டணத்தை வைத்தால் வாங்கியவருக்கு 25 மட்டும் திரும்பும். உள்ளே அடக்கி 27 என்று விற்றால் நாங்கள் 27ஐயும் திருப்ப வேண்டும், 2.35 எங்கள் கையிலிருந்து. அது சரிதான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். மேடையேறாத நாடகத்துக்கு வாங்கியவர் ஏன் காசு இழக்க வேண்டும்?

புதிய சுவரொட்டி போன வாரம் அச்சாகி வந்தது. விலைக்கு நேராக "27 வெள்ளி, எல்லாக் கட்டணமும் உட்பட" என்று இருக்கிறது. 'எல்லாக் கட்டணமும் உட்பட' என்பது விலை இருக்கும் அதே அளவு எழுத்தில் வர வேண்டும் என்று அச்சகத்தில் நின்று சொல்லி வாங்கினேன். விற்பனை தொடங்கிய அன்று மாலையே ஆன்ட்டி நான்கு டிக்கெட் எடுத்தார். கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். நாலு இருபத்தேழு, 108.00. அதற்குக் கீழே வேறு வரி இல்லை.